'நம்பர் 1', 'பெஸ்ட்', '100% கேரண்டி'... கேப்ஷனில் இதைப் போடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!

'தமிழ்நாட்டின் நம்பர் 1 ஹேர் ஆயில்! பெஸ்ட் குவாலிட்டி. 30 நாளில் முடி கொட்டுறது நிக்கும், 100% கேரண்டி! 5,000+ ஹேப்பி கஸ்டமர்ஸ். ஆர்டருக்கு டி.எம் பண்ணுங்க!'

இது எந்தக் கடையின் கேப்ஷனும் இல்லை. இந்தக் கட்டுரைக்காக நாமே எழுதிய மாதிரி. ஆனால் இதே மாதிரி பத்து கேப்ஷனையாவது இந்த வாரம் நீங்க ஸ்க்ரோல் பண்ணித் தாண்டியிருப்பீங்க. வீட்டிலிருந்தே சின்னதா பிசினஸ் பண்றவங்க, கொலாப் வாங்கி ரீல்ஸ் போடுறவங்க, மாமியார் செஞ்ச ஊறுகாயை ஸ்டேட்டஸில் விக்கிறவங்க எல்லாரும் கை பழக்கத்தில் எழுதுற வார்த்தைகள் இவை. 'எல்லாரும் போடுறாங்க, நாமளும் போடுவோம்' என்பதுதான் பெரும்பாலும் காரணம்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது தெரியுமா? 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'விளம்பரம்' என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கம் ரொம்பப் பெரியது. ஒளி, ஒலி, புகை, வாயு, அச்சு, எலெக்ட்ரானிக் மீடியா, இன்டர்நெட் என எதன் மூலமாகச் சொன்னாலும் விளம்பரம்தான். லேபிளும் பில்லும்கூட அதில் வருகின்றன. வானத்தில் புகை விட்டு எழுதினாலே விளம்பரம் என்றால், ஒரு பொருளை விற்கப் போடும் இன்ஸ்டா கேப்ஷன் மட்டும் தப்பிக்குமா என்ன? ஃபாலோயர்ஸ் 300 பேரா, 3 லட்சம் பேரா என்று அந்த விளக்கம் கேட்பதில்லை.

அதனால் மேலே உள்ள கேப்ஷனையே எடுத்துக்கொண்டு, வார்த்தை வார்த்தையாகப் பிரித்துப் பார்ப்போம்.

நம்பர் 1... எதில்? எங்கே? எப்போ? யார் எண்ணினாங்க?

மூன்று வார்த்தைகளில் ரொம்ப ஆபத்தானது இதுதான். காரணம், இது ஓர் எண். எண் என்றால் யாரோ எண்ணியிருக்கணும். 'எங்க எண்ணெய் நல்லா இருக்கும்' என்றால் அது உங்க கருத்து. 'நம்பர் 1' என்றால், மற்ற எல்லாரையும் அளந்து பார்த்து வரிசைப்படுத்தியதில் நீங்க முதலில் வந்தீங்க என்று அர்த்தம். தமிழ்நாட்டில் எத்தனை ஹேர் ஆயில் விற்கிறார்கள் என்ற பட்டியல்கூட நம்மிடம் இல்லாதபோது, அந்த வரிசை எங்கிருந்து வந்தது?

'நாங்க சர்வே பண்ணிட்டுத்தான் சொல்றோம்' என்று சொன்னவர்களுக்கே என்ன ஆனது என்பதற்கு நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. சென்சோடைன் டூத்பேஸ்ட் விளம்பரங்களில் இரண்டு வாசகங்கள் வந்தன. ஒன்று, 'உலகம் முழுக்க பல் மருத்துவர்கள் பரிந்துரைப்பது.' இன்னொன்று, 'பல் கூச்சத்துக்கு உலகின் நம்பர் 1 டூத்பேஸ்ட்.' மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆதாரம் கேட்டது. நிறுவனம் தன் தரப்பில் இரண்டு மார்க்கெட் சர்வேக்களைக் கொடுத்தது. பிரித்துப் பார்த்தால், சர்வேயில் கேள்வி கேட்கப்பட்டவர்கள் எல்லாருமே இந்தியாவில் இருக்கும் பல் மருத்துவர்கள். 'உலகம் முழுக்க' என்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை. 2022 மார்ச்சில், அந்த இரண்டு வாசகங்கள் வரும் விளம்பரங்களை 7 நாளில் நிறுத்தச் சொன்ன ஆணையம், 10 லட்சம் ரூபாய் அபராதமும் போட்டது.

இதில் கவனிக்க வேண்டியது, அவர்களிடம் சர்வே இருந்தது. கையில் ஒன்றுமே இல்லாமல் அவர்கள் பேசவில்லை. ஆனால் சர்வே ஒரு நாட்டைப் பற்றியது. வாசகம் உலகத்தைப் பற்றியது. ஆதாரத்தின் அளவு ஒன்று, வார்த்தையின் அளவு இன்னொன்று. பொய்யே சொல்லாமல் தவறு நடப்பது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். உங்க தெருவில் நிறைய பேர் வாங்குறாங்க என்பது உண்மையாக இருக்கலாம். அது 'தமிழ்நாட்டின்' என்று ஆகும்போது, நடுவில் 38 மாவட்டங்கள் இருக்கின்றன.

அப்போ 'நம்பர் 1' என்ற வார்த்தையையே தொடக்கூடாதா? தொடலாம், எல்லையைச் சேர்த்து. 'எங்க கடையில் இந்த வருஷம் அதிகம் விற்றது இதுதான்' என்று தாராளமாகச் சொல்லலாம். உங்க ஆர்டர் ஷீட்டே அதற்கு ஆதாரம். கேட்கிறவருக்கும் அது உபயோகமான தகவல், ஏனென்றால் பத்து பொருளில் எதை முதலில் ட்ரை பண்ணுவது என்று அவருக்கு அது காட்டுகிறது.

விருது வாங்கியதைப் போடுகிறவர்களுக்கும் இதே கேள்விகள்தான். விருது கொடுத்தது யார், எந்த வருஷம், எதற்காக என்பதைச் சேர்த்துப் போடணும். 'பணம் கட்டினால் ஷீல்டு' என்று அழைப்பு வரும் விருதுகளைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

பெஸ்ட்: எப்போது கருத்து, எப்போது கணக்கு?

'பெஸ்ட்' கொஞ்சம் மென்மையான ஆள். 'என் லைஃப்ல சாப்பிட்ட பெஸ்ட் பிரியாணி' என்று ஒருவர் எழுதினால், யாரும் ஆதாரம் கேட்க மாட்டார்கள். அது அவருடைய நாக்கு. 'இந்தப் பொடியைப் போட்டா இட்லி தட்டிலிருந்து தானா எழுந்து வரும்' என்றால் அதையும் யாரும் அப்படியே நம்ப மாட்டார்கள். விளம்பரங்களுக்கான சுய கட்டுப்பாட்டு அமைப்பான ஏ.எஸ்.சி.ஐ-யின் விதிகளே இதற்கு இடம் கொடுக்கின்றன. சிரிக்கவைக்கவும் கவனத்தை ஈர்க்கவும் செய்யும் அப்பட்டமான மிகை, மிகை என்று பார்த்ததுமே தெரிந்தால் தப்பில்லை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், சரிபார்க்கக்கூடிய ஒன்றோடு 'பெஸ்ட்' ஒட்டிக்கொள்ளும்போது. 'பெஸ்ட் குவாலிட்டி' என்பது வெறும் பெருமை. 'மார்க்கெட்டிலேயே பெஸ்ட் ரிசல்ட்' என்றால் ஒப்பீடு. 'சென்னையின் பெஸ்ட் பிரைடல் மேக்கப் 2025' என்றால், யாரோ போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்த மாதிரியே இருக்கிறது. பக்கத்தில் ஒரு வருஷத்தையும் ஓர் ஊரையும் வைத்ததும் கருத்து அப்படியே விருது மாதிரி ஆகிவிடுகிறது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இங்கே ஒரு சௌகரியமும், ஓர் ஆபத்தும் உண்டு. சௌகரியம் 'சிறந்த' என்ற சொல். 'சிறந்த எழுத்தாளர்' என்றால் நல்ல எழுத்தாளர் என்றுதான் முதலில் படுகிறது. எல்லாரையும்விட மேலானவர் என்று சொல்ல 'மிகச் சிறந்த', 'தலைசிறந்த' என்று இன்னும் ஒரு படி ஏறணும். ஆங்கில 'பெஸ்ட்' நேராக அந்த உச்சிக்கே போய் உட்கார்ந்துவிடும்.

ஆபத்து, 'அக்மார்க்'. 'அக்மார்க் நல்லவன்', 'அக்மார்க் கிராமத்துப் படம்' என்று நாம் பேச்சில் சர்வ சாதாரணமாகச் சொல்வோம். ஆனால் அக்மார்க் என்பது வேளாண் பொருள்களுக்கு மத்திய அரசு தரும் தரச்சான்று. 1937-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருவது. படத்தை அக்மார்க் என்று சொன்னால் அது வழக்குப் பேச்சு. நீங்க விற்கும் தேனையோ நெய்யையோ அக்மார்க் என்று கேப்ஷனில் போட்டால், சான்றிதழ் இருக்கிறது என்றுதான் வாங்குகிறவர் எடுத்துக்கொள்வார். இல்லாத சான்றிதழைச் சொன்ன கதையாகிவிடும்.

'100%' என்பதும் இந்த வகைதான். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ, 2025 மே மாதம் உணவுப் பொருள் விற்பவர்களிடம், லேபிளிலும் விளம்பரத்திலும் '100%' என்று போடுவதைத் தவிர்க்கச் சொன்னது. விதிகளில் அதற்கு விளக்கமே கிடையாது. பக்கத்துப் பாட்டில் மட்டும் என்னவோ 60 சதவிகிதம் என்பது மாதிரி ஒரு பொய்த் தோற்றம் வருகிறது.

கேரண்டி: இது வர்ணனை இல்லை, வாக்கு

முதல் இரண்டு வார்த்தைகளும் பொருளைப் பற்றிச் சொல்பவை. கேரண்டி, நீங்க கொடுக்கிற வாக்கு. அதனால்தான் தவறான விளம்பரம் எது என்று சொல்லும் சட்டப் பிரிவிலேயே 'பொய்யான உத்தரவாதம்' என்பது தனியாகப் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கிறது. இன்னொரு பிரிவு அதைவிட முக்கியம். ஒரு பொருள் இப்படி வேலை செய்யும், இவ்வளவு நாள் உழைக்கும் என்று கேரண்டி கொடுத்தால், அது முறையான பரிசோதனையின் அடிப்படையில் இருக்கணும். 'பரிசோதனை பண்ணித்தான் சொன்னேன்' என்று நீங்க சொன்னால், அதை நிரூபிக்கும் பொறுப்பும் உங்களுடையதே. வாங்கினவர் 'வேலை செய்யலை' என்று நிரூபிக்கத் தேவையில்லை.

இப்போ நம்ம ஹேர் ஆயிலுக்கு வருவோம். '30 நாளில் முடி கொட்டுறது நிக்கும்' என்பதை எப்படிப் பரிசோதிப்பது? முதலில், முடி கொட்டுவது நிற்கவே நிற்காது. ஆரோக்கியமான தலையிலேயே ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. அடுத்தது, காய்ச்சலுக்கோ பிரசவத்துக்கோ பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி உதிரும் ஒரு நிலை இருக்கிறது. பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே சரியாகிவிடும். அந்த நேரத்தில் ஒருவர் என்ன எண்ணெய் தேய்த்திருந்தாலும், அந்த எண்ணெய்க்குத்தான் பேர் போகும். 'உங்க ஆயில் சூப்பர் சிஸ்டர், முடி கொட்டுறது நின்னுடுச்சு' என்று அவர் அனுப்பும் வாய்ஸ் நோட் சத்தியமாக உண்மையாக இருக்கும். எண்ணெய்தான் நிறுத்தியது என்பதற்கு மட்டும் அது ஆதாரம் ஆகாது.

கூடவே, மெசேஜ் அனுப்புகிறவர்கள் யார்? திருப்தியானவர்கள். பலன் தெரியாதவர் பாட்டிலை ஓரமாக வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார். உங்க இன்பாக்ஸில் அவர் இருக்க மாட்டார். நாற்பது ஸ்க்ரீன்ஷாட் வைத்திருந்தாலும், மீதிப் பேர் என்ன ஆனார்கள் என்று உங்களுக்கே தெரியாது.

மருந்து என்று சொல்லி விற்றால் இன்னும் இறுக்கம். வழுக்கையைக் குணப்படுத்தும், புது முடி வளர்க்கும் என்று மருந்துகளுக்கு உரிமை கோரக்கூடாது என மருந்து விதிகளில் 'ஷெட்யூல் ஜே' என்ற பட்டியலே இருக்கிறது. அழகுசாதனப் பொருளாகத் தயாரித்து விற்பதற்கும் லைசென்ஸ் வேண்டும். கேப்ஷனைத் திருத்துவதால் லைசென்ஸ் வந்துவிடாது.

பயிற்சி மையங்களின் விளம்பரங்களில் நடந்ததையும் இங்கே சொல்லணும். யு.பி.எஸ்.சி-யில் தேர்ச்சி பெற்றவர்களின் படங்களை வரிசையாகப் போட்டிருப்பார்கள். விசாரித்தால், அவர்களில் பலர் அங்கே படித்தது நேர்முகத் தேர்வுக்கான சின்னப் பயிற்சி மட்டும். முதல்நிலை, முதன்மைத் தேர்வுகளைத் தாண்டியதில் அந்த மையத்துக்குப் பங்கில்லை. படமும் உண்மை, ரேங்க்கும் உண்மை, எந்த கோர்ஸ் என்பது மட்டும் மறைக்கப்பட்டிருந்தது. இப்படிப் பல மையங்களுக்கு அபராதம் விதித்த ஆணையம், 2024 நவம்பரில் இந்தத் துறைக்கென்றே தனி வழிகாட்டுதல்களைக் கொண்டுவந்தது. 'தேர்ச்சி உறுதி', 'வேலை உறுதி' என்ற வாக்குறுதிகளுக்கும் அதில் தடை. முக்கியமான தகவலை மறைத்தாலும் அது தவறான விளம்பரம்தான்.

உண்மையான கேரண்டி எப்படி இருக்கும்? அது எப்போதும் உங்க கையில் இருக்கும் விஷயத்தைப் பற்றியதாக இருக்கும். வாங்குகிறவரின் தலைமுடி உங்க கையில் இல்லை. பாட்டில் உடைந்து வந்தால் மாற்றித் தருவது உங்க கையில் இருக்கிறது. என்ன நடந்தால், எத்தனை நாளைக்குள் சொன்னால், நீங்க என்ன செய்வீங்க, கூரியர் செலவு யாருடையது... இந்த நான்கையும் எழுதினால் அது கேரண்டி. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சட்டப்படி வாங்குகிறவருக்கு ஏற்கெனவே இருக்கும் உரிமையை, 'எங்ககிட்ட மட்டும்தான் இந்தச் சலுகை' என்று பெருமை பேசக்கூடாது. சும்மா தகவலாகச் சொன்னால் போதும்.

கடைசியில் ஒரு ஸ்டார் போட்டா போதுமா?

'ரிசல்ட் ஆளுக்கு ஆள் மாறும்' என்று கேப்ஷனின் அடியில், அதுவும் ஆங்கிலத்தில், ஹேஷ்டேக்குகளுக்கு நடுவில் போடுவது ஒரு பெரிய டெக்னிக்காக ஓடிக்கொண்டிருக்கிறது. 2022 ஜூனில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல்கள் இதைத் தெளிவாகவே அடைத்துவிட்டன. மேலே சொன்ன வாசகத்துக்கு முரணாக டிஸ்க்ளெய்மர் இருக்கக்கூடாது. தவறான வாசகத்தைக் கீழே வந்து சரிசெய்யவும் அது உதவாது. வாசகம் எந்த மொழியில் இருக்கிறதோ, அதே மொழியில் இருக்கணும்.

கேப்ஷனில் முதல் ஒன்றிரண்டு வரிதான் கண்ணில் படும். மீதியைப் பார்க்கத் தட்டித் திறக்கணும். அதனால் நிபந்தனையும் வாசகமும் ஒரே வரியில் இருப்பதே நியாயம். '100% நிக்கும், ஆனா ஆளுக்கு ஆள் மாறும்' என்று ஒரே வரியில் எழுதிப் பாருங்க. உங்களுக்கே சிரிப்பு வரும்.

நம்ம கேப்ஷனைத் திருத்தி எழுதலாமா?

நம்ம கற்பனைக் கடைக்காரரின் ஆர்டர் ஷீட்டைத் திறப்போம். 2025-ல் அவர் விற்றது 1,860 பாட்டில்கள். போன் நம்பரை வைத்து ஒரே ஆளைத் திரும்ப எண்ணாமல் கணக்கெடுத்தால், வாங்கியவர்கள் 1,140 பேர். அவர்களில் ஒரு தடவைக்கு மேல் வாங்கியவர்கள் 390 பேர். அப்போ '5,000+ ஹேப்பி கஸ்டமர்ஸ்' எங்கிருந்து வந்தார்கள்? அது அவருடைய ஃபாலோயர்ஸ் எண்ணிக்கை. ஃபாலோ பண்றவங்க எல்லாரும் வாங்கினவங்க இல்லை. வாங்கினவங்க எல்லாரும் ஹேப்பியும் இல்லை.

ஆனால் அந்த 390 நல்ல எண். மூன்று பேரில் ஒருவர் மறுபடி காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். இதை யார் கேட்டாலும் காட்டலாம். முடி வளர்ந்தது என்று அது நிரூபிக்கவில்லை. பொருள் பிடித்திருக்கிறது என்று சொல்கிறது. அந்த அளவோடு எழுதினால் இப்படி வரும்:

'செக்கில் ஆட்டின தேங்காய் எண்ணெயில் கறிவேப்பிலை, வெந்தயம், செம்பருத்தி போட்டுக் காய்ச்சின ஹேர் ஆயில், 200 மி.லி. 2025-ல எங்ககிட்ட வாங்கின 1,140 பேர்ல 390 பேர் அதே வருஷம் மறுபடி வாங்கியிருக்காங்க (எங்க ஆர்டர் கணக்கு). தடவினா முடி வழவழப்பா இருக்கும், சிக்கெடுக்க ஈஸி. முடி ரொம்பக் கொட்டுதுன்னா முதல்ல டாக்டரைப் பாருங்க. பாட்டில் உடைஞ்சோ ஒழுகியோ வந்தா 3 நாளைக்குள்ள போட்டோ அனுப்புங்க, எங்க கூரியர் செலவுலயே புதுசு அனுப்புறோம்.'

முதல் கேப்ஷனைவிட இது நீளம், ஒப்புக்கொள்ளணும். சத்தமும் குறைவு. ஆனால் எண்ணெயில் என்ன இருக்கிறது என்பதே இப்போதுதான் வாங்குகிறவருக்குத் தெரிகிறது. பழைய கேப்ஷனில் எண்ணெயைப் பற்றி ஒரு தகவல்கூட இல்லை, கவனிச்சீங்களா?

கொலாப் பண்றவங்களுக்கு

'கேப்ஷன் பிராண்டு அனுப்புச்சு, நான் பேஸ்ட் பண்ணேன்' என்பது பதில் ஆகாது. தவறான விளம்பரத்துக்குத் தயாரிப்பாளரோடு, அதைப் பரிந்துரைத்தவருக்கும் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் போடலாம். ஒரு வருஷம் வரை எந்தப் பொருளையும் பரிந்துரைக்கக் கூடாது என்று தடையும் போடலாம். அடுத்தடுத்த முறை அது மூன்று வருஷம் வரை நீளும். தப்பிக்கும் வழியையும் சட்டமே சொல்கிறது: சொன்ன விஷயம் உண்மையா என்று உரிய கவனத்தோடு சரிபார்த்திருந்தால் அபராதம் இல்லை. அதாவது 'நம்பர் 1-னு போடச் சொல்றீங்களே, எந்த சர்வே? கொஞ்சம் அனுப்புங்க' என்று பிராண்டிடம் கேட்டு, வந்த பதிலைப் படித்துப் பார்த்துப் பத்திரமா வச்சிருக்கணும். பதில் வரலைன்னா, அந்த வரியை எடுத்துடுங்க. நீங்களே சில நாள் யூஸ் பண்ணிப் பார்க்காமல் 'எனக்கு செட் ஆச்சு' என்று போடுவதும் கூடாது. பரிந்துரை என்பது உண்மையான, இப்போதைய அனுபவமாக இருக்கணும் என்பதும் விதிதான். காசோ பொருளோ வாங்கியிருந்தால் அதையும் போஸ்ட்டிலேயே சொல்லணும்.

வாங்குகிற பக்கம் நீங்க இருந்தால், கமென்ட்டில் 'எந்த சர்வே?' என்று ஒரு கேள்வி போடலாம். கேரண்டி என்று சொல்லி ஏமாற்றினால், அந்த கேப்ஷனை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் பண்ணலாம். ஸ்க்ரீன்ஷாட்டை முதலில் எடுங்க, சண்டையை அப்புறம் போடுங்க. கேப்ஷனை எடிட் பண்ண ரெண்டு செகண்ட் போதும்.

விற்கிறவங்க இன்னைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. புது கேப்ஷனைக் கவனமாக எழுதிவிட்டு, புரொஃபைலின் உச்சியில் பின் பண்ணி வைத்த பழைய ரீலையும், ஹைலைட்ஸில் இருக்கும் '100% ரிசல்ட்' ஸ்டோரியையும், பயோவில் இருக்கும் 'நம்பர் 1'-ஐயும் அப்படியே விட்டுவிடுவார்கள். புதுசா வர்ற ஒருத்தர் முதலில் பார்க்கிறது அதைத்தான்.